பார்த்தவர் இல்லாத கொலையில் குற்றம் நிரூபிக்கப்படும் விதம்

கேள்வி: எங்கள் பக்கத்து ஊரில் நடந்த கொலையைப் பார்த்ததாக ஒருவர்கூட சாட்சி சொல்லவில்லை. ஆனாலும் செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். பார்த்த சாட்சியே இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்ல முடியும்? இது சந்தேகத்தின் பேரில் தண்டிப்பது ஆகாதா?

பதில்:

சந்தேகத்தின் பேரில் தண்டித்திருந்தால் அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்காது. சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் அது நிரூபணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதே சமயம், கண்ணால் கண்ட சாட்சி இருந்தால்தான் கொலைக் குற்றத்தை நிரூபிக்க முடியும் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. சூழ்நிலைச் சாட்சியம் மட்டுமே உள்ள வழக்கில் நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு. நிரூபிக்கப்பட்ட சங்கதிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நிரபராதியாக இருப்பதற்கு நியாயமான வழி ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. ஒரு வழி மிச்சம் இருந்தாலும் விடுதலைதான். ஆகவே ஒவ்வொரு சிறு சங்கதியையும், அது எதிரியை நோக்கி எவ்வளவு வேகமாகக் கை நீட்டுகிறது என்று பார்ப்பதைவிட, எந்த நிரபராத விளக்கத்தை அது அடைக்கிறது என்று பார்ப்பதே சரியான முறை.

உங்கள் பக்கத்து ஊர் வழக்கின் தீர்ப்பை நான் படிக்கவில்லை. அதனால், நம் பகுதியில் நடக்கக்கூடிய ஒரு வழக்கைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த இடத்தில் நிற்கும், எங்கே விழும் என்று சொல்கிறேன்.

பாபநாசம் பக்கம், குடமுருட்டியிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலின் கரையில் உள்ள கிராமம். குறுவை நடவு முடிந்த ஜூலை மாதம். தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி, கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலியும் காதில் தோடும் அணிந்தவர், அக்கம்பக்கத்தாருக்குச் சிறு கடன் கொடுத்து வாங்குபவர். இரவு ஏழேகால் மணியளவில் வாய்க்கால் கரை வழியாகத் தன் மாட்டுக் கொட்டகைக்கு அவர் நடந்து போகிறார். அதே தெருவைச் சேர்ந்த, அவரிடம் நாற்பதாயிரம் ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்த ஒருவர் கூடவே போவதை முனையில் உள்ள டீக்கடைக்காரர் பார்க்கிறார். எட்டு மணிக்கு மூதாட்டியின் பேரன் டார்ச் விளக்கோடு தேடிப் போகும்போது கொட்டகையில் மாடு வைக்கோல் போடப்படாமல் கத்திக்கொண்டு நிற்கிறது, பாட்டி இல்லை. விடிந்ததும், கடைக்கும் கொட்டகைக்கும் நடுவே, முழங்கால் ஆழத் தண்ணீரில் உடல் கிடக்கிறது. சங்கிலியும் இல்லை, தோடும் இல்லை. கூட நடந்து போனவரும் அன்று ஊரில் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கும்பகோணத்து அடகுக்கடை ஒன்றில் சங்கிலி வைக்கப்படுகிறது. அந்த ஆள் கைதானபின் தோடு ஒரு வைக்கோல் போரிலிருந்து எடுக்கப்படுகிறது. கொலையைப் பார்த்தவர் யாருமில்லை.

முதல் விளக்கம், கால் தவறி வாய்க்காலில் விழுந்து இறந்திருக்கலாம் என்பது. இதை அடைக்க வேண்டியது பிரேதப் பரிசோதனை. உயிரோடு மூழ்கியவரின் வாய், மூக்கு, மூச்சுக்குழாயில் பெரும்பாலும் மெல்லிய நுரை இருக்கும், நுரையீரல் உப்பியிருக்கும். இவை இல்லாமல், கழுத்தின் உட்தசைகளில் இரத்தக் கசிவு இருந்து, தொண்டையின் மேல்பகுதியில் குதிரை லாடம் போலிருக்கும் சிறு எலும்பும் முறிந்திருந்தால், கழுத்தை நெரித்தபின் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள் என்று மருத்துவரால் சொல்ல முடியும். வயதானவர்களுக்கு அந்த எலும்பு எளிதில் முறியும் என்பதால், முறிவை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அதைச் சுற்றிய இரத்தக் கசிவையும் சேர்த்தே அவர் குறிக்க வேண்டும். இந்த முதல் படி ஏறவில்லை என்றால் மற்றவற்றுக்கு வேலையே இல்லை, ஏனென்றால் கொலை நடந்தது என்பதே அப்போது ஐயமாகிவிடும்.

அடுத்து, கடைசியாகச் சேர்ந்து காணப்பட்டது என்ற சங்கதி. இதைப் பலர் தேவைக்கு மேல் பெரிதாக நினைக்கிறார்கள். ஒருவரோடு நடந்து போனது குற்றமல்ல, அதுவும் எல்லாரும் புழங்கும் வாய்க்கால் கரையில். இதற்கு மதிப்பு கிடைப்பது, சேர்ந்து கண்ட நேரத்துக்கும் இறந்த நேரத்துக்கும் இடையில் வேறொருவர் நுழைய வாய்ப்பில்லாத அளவுக்கு இடைவெளி சுருங்கும்போதுதான். மருத்துவர் சொல்லும் இறந்த நேரம் எப்போதும் சில மணி நேர அகலம் உள்ளது. தண்ணீரில் கிடந்த உடலில் குளிர்ச்சியும் விறைப்பும் வேறு வேகத்தில் போவதால் அந்த அகலம் இன்னும் கூடும். இங்கே இடைவெளியைச் சுருக்குவது மருத்துவம் அல்ல, மாடு. ஏழேகாலுக்குக் கிளம்பியவர், பத்து நிமிட நடையில் உள்ள கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் முதலில் வைக்கோல் போட்டிருப்பார். எட்டு மணிக்கு அது போடப்படவில்லை என்று பேரன் சொல்வதால், அவர் கொட்டகைக்கே போய்ச் சேரவில்லை என்ற முடிவுக்கு வர இடம் உண்டு.

காலம் சுருங்கினால் போதாது, இடமும் சுருங்க வேண்டும். ஓடும் வாய்க்காலில் கிடைத்த உடல் எங்கே போடப்பட்டது என்று யாரால் சொல்ல முடியும் என்று எதிரியின் வழக்கறிஞர் கேட்பார், கேட்கவும் வேண்டும். இந்த இடத்தில் டெல்டாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் முக்கிய சாட்சியாகிறார், பாசனத் துறையின் லஸ்கர். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், அன்று மாலை ஆறு மணிக்கே இந்த வாய்க்காலின் தலைப்பு மதகை இறக்கி அடுத்த வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன் என்று அவர் சொன்னால், அன்றிரவு அதில் ஓட்டம் இல்லை, தேங்கிய தண்ணீர்தான் இருந்தது. உடல் கிடந்த இடமே உடல் போடப்பட்ட இடம், அந்த இடமும் இருவரும் சேர்ந்து நடந்த பாதையின் மேலேயே இருக்கிறது. லஸ்கருக்கு இந்தக் கொலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, எந்தப் பக்கமும் சாயவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. இப்படிப்பட்ட சாட்சியை விசாரிக்க மறந்துவிடும் புலனாய்வுகள் உண்டு என்பது வருத்தமான விஷயம்.

இனி நகைக்கு வருவோம். திருட்டு நடந்த உடனே திருட்டுப் பொருளை வைத்திருப்பவர், கணக்குச் சொல்ல முடியாவிட்டால், திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114-வது பிரிவில் இருந்த இந்த எடுத்துக்காட்டு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தில் 119-வது பிரிவில் இருக்கிறது. கொலையும் கொள்ளையும் ஒரே நிகழ்வின் பகுதிகளாக இருந்தால் இந்த ஊகத்தைக் கொலை வரைக்கும் நீட்டலாம் என்று தீர்ப்புகள் உண்டு. ஆனால் நகை கிடைத்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கொலைகாரர் என்று சொல்லிவிட முடியாது என்று சன்வத் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே தெளிவாக எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் அடகு வைத்தால் ஒரு பேச்சு, ஆறு மாதம் கழித்து வைத்தால் வேறு பேச்சு, ஏனென்றால் அதற்குள் சங்கிலி பல கை மாறியிருக்கலாம். அடகுக்கடைக்காரரின் பதிவேடு, அதில் உள்ள கையெழுத்து, கொடுத்த ரசீது ஆகியவை வழக்குக்காக உருவானவை அல்ல. தமிழ்நாடு அடகுக்கடைக்காரர்கள் சட்டப்படி அவர் எப்படியும் எழுதி வைக்க வேண்டியவை. அதனால்தான் அவருடைய வாய்மொழியைவிட அந்தப் பதிவேட்டுக்கு எடை அதிகம். சங்கிலி மூதாட்டியுடையதுதானா என்பதற்கு, மகள் பார்த்து அடையாளம் சொல்வதோடு, அறுந்த கண்ணியைச் சில மாதங்களுக்கு முன் பற்றவைத்துக் கொடுத்த ஆசாரியும் வந்து அந்தப் பற்றைக் காட்டினால் கேள்விக்கு இடமிராது.

தோடு கிடைத்த விதத்தில்தான் வழக்குகள் அதிகம் சறுக்குகின்றன. கைதான ஆள் போலீசாரிடம் இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: “பாட்டியைக் கழுத்தை நெரித்துக் கொன்று, பிடுங்கிய தோட்டை என் மாமனார் வீட்டு வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கிறேன், என்னோடு வந்தால் எடுத்துத் தருகிறேன்.” போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. அதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாக இட்டுச்சென்ற பகுதி மட்டும் ஏற்கப்படும். பழைய 27-வது பிரிவும் இன்றைய 23-வது பிரிவின் வரம்புரையும் சொல்வது இதைத்தான். ஆக மேலே உள்ள வாக்கியத்தில் “தோட்டை வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்” என்பது மட்டும் நிற்கும். “கொன்று” என்பதும் “பிடுங்கிய” என்பதும் நீக்கப்படும். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுக்குரி கோட்டையா வழக்கு (1947) இந்தப் பிரிவுக்கு இன்றுவரை வழிகாட்டி. அங்கும் ஈட்டி ஒளித்துவைக்கப்பட்டிருந்தது ஒரு வைக்கோல் போரில்தான். பொருள் அங்கே இருந்தது என்பதும், அங்கே இருப்பது இவருக்குத் தெரியும் என்பதும் மட்டுமே நிரூபிக்கப்படுகின்றன, அந்தப் பொருளை வைத்து என்ன செய்தார் என்பது நிரூபிக்கப்படுவதில்லை என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது.

ஆகவே கைப்பற்றுதல் மகஜரை, அதாவது பொருளை எடுத்தபோது சாட்சிகள் முன் எழுதிய பதிவை, வரி வரியாகப் படிக்க வேண்டும். தோடு மேலாகக் கிடந்ததா, கைமுழம் ஆழத்தில் துணியில் முடிந்து செருகப்பட்டிருந்ததா? வைக்கோல் போர் தெருவோரத்தில் யாரும் கை வைக்கக்கூடிய இடத்தில் இருந்ததா, வேலிக்குள் இருந்ததா? அதில் சாட்சியாகக் கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலர் உண்மையிலேயே அங்கே போனாரா, ஸ்டேஷனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரா? குறுக்கு விசாரணையில் அவருக்கு வைக்கோல் போர் வீட்டுக்குக் கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்றே தெரியவில்லை என்றால், சாட்சியச் சங்கிலியின் அந்தக் கண்ணி அங்கேயே அறுந்தது. இப்போதைய நடைமுறைச் சட்டத்தில் சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று இருப்பதால் இந்தத் தகராறு ஓரளவு குறைய வேண்டும்.

இவ்வளவும் நிரூபிக்கப்பட்ட பிறகும் ஒரு விளக்கம் திறந்தே இருக்கிறது, அதை நேர்மையாக எதிர்கொள்ளாத தீர்ப்பு நல்ல தீர்ப்பல்ல. மூதாட்டியோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நான் திரும்பிவிட்டேன், இரவில் மறுபடி அந்த வழியாக வந்தபோது உடலைக் கண்டேன், ஆசையில் நகைகளைக் கழற்றிக்கொண்டேன், பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை என்று எதிரி சொன்னால் என்ன செய்வது? அடகு, வைக்கோல் போர், ஊரைவிட்டுப் போனது எல்லாமே இந்தக் கதைக்கும் பொருந்தும். இது கேவலமான செயல்தான், ஆனால் கொலை அல்ல.

இதை அடைப்பது மூதாட்டியின் காது மடல். தோட்டைத் திருகைக் கழற்றாமல் இழுத்ததால் இரு காதுத் துளைகளும் கீழ்வரை கிழிந்திருக்கின்றன. உயிர் உள்ள உடலில் கிழிந்தால் இரத்த ஓட்டம் இருப்பதால் கிழிந்த விளிம்பின் திசுக்களுக்குள் இரத்தம் ஊறி உறைந்திருக்கும். இறந்து சில மணி நேரம் ஆன உடலில் கிழித்தால் விளிம்பு வெளிறி, ஊறல் இல்லாமல் இருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் “கிழிந்த விளிம்புகளில் இரத்த ஊறல் உள்ளது, காயம் உயிரோடு இருக்கும்போது ஏற்பட்டது” என்று ஒரு வரி இருந்தால், தோட்டை எடுத்தவர் எடுத்தபோது மூதாட்டி உயிரோடு இருந்தார் என்றாகிவிடுகிறது. பிணத்திலிருந்து எடுத்தேன் என்ற கதை அதோடு முடிந்தது. நெரித்ததும் பிடுங்கியதும் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன, பிடுங்கிய தோடு இவர் ஒளித்த இடத்தில் இருக்கிறது, அந்த முக்கால் மணி நேரத்தில் அந்தப் பாதையில் கூட இருந்தவர் இவர்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. இரவு முழுவதும் தண்ணீரில் கிடந்த உடலில் காயத்தின் மேற்பரப்பிலுள்ள இரத்தம் கழுவப்பட்டு, உயிரோடு பட்ட காயமே பிணத்தில் பட்டது போலத் தோன்றலாம். அதனால் மருத்துவர் மேலோட்டமாகப் பார்க்காமல் உட்திசுவை வெட்டிப் பார்க்க வேண்டும், ஐயம் இருந்தால் திசுத் துண்டை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இறப்பை ஒட்டிய நிமிடங்களில் பட்ட காயத்தில், முன்னா பின்னா என்று பிரிப்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கே தீர்க்க வேண்டியது சில நிமிட வித்தியாசம் அல்ல. பல மணி நேரம் கழித்துப் பிணத்தைக் கண்டேன் என்ற கதையை மறுக்க அந்த ஊறலே போதும். அறிக்கையில் “இரு காதும் கிழிந்துள்ளது” என்பதோடு நின்றிருந்தால் என் கணிப்பில் இந்த வழக்கு கொலைக் குற்றச்சாட்டில் தோற்க வேண்டும், நகையைப் பொறுத்த குற்றத்துக்கு மட்டுமே தண்டனை மிஞ்ச வேண்டும்.

கடன், தலைமறைவு, செல்போன் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புரோநோட்டு நோக்கத்தைக் காட்டும், ஆனால் ஊரில் மூதாட்டியிடம் கடன்பட்டவர்கள் பலர். மறுநாள் ஊரில் இல்லாதது துணைச் சங்கதி மட்டுமே, குற்றம் செய்யாதவரும் போலீசுக்குப் பயந்து ஓடுவதுண்டு. சமதளமான நம் பகுதியில் ஒரு செல்போன் கோபுரம் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்குச் சேவை தரும் என்பதால், அழைப்புப் பதிவு ஒருவரை வாய்க்கால் கரையில் நிறுத்தாது. அன்றிரவு திருப்பூரில் இருந்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் மட்டும் அதைப் பொய்யாக்கும். அந்தப் பதிவுக்கு, சாட்சிய அதிநியத்தின் 63-வது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எதிரி பேசாமல் இருந்தால் அது குற்றத்தைக் காட்டாதா என்று பலரும் கேட்பார்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய சங்கதியை அவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி, பழைய 106, இன்றைய 109, உண்மைதான். பூட்டிய வீட்டுக்குள் கணவனும் மனைவியும் மட்டும் இருந்து மனைவி கொலையுண்டு கிடந்தால் அந்த விதி கடுமையாகப் பாயும். திறந்த வாய்க்கால் கரையில் அவ்வளவு பாயாது. அரசுத் தரப்பு தன் சாட்சியச் சங்கிலியை முதலில் முழுமையாக்க வேண்டும், அதன் பிறகே எதிரியின் மௌனமும் பொய்யும் கூடுதல் கண்ணியாகச் சேரும். இல்லாத கண்ணியின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது. ஒவ்வொரு பாதகமான சங்கதியையும் நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேட்டு அவர் விளக்கத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், கேட்காத சங்கதியை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

இந்த விதிகளைத் தொகுத்துச் சொன்னது 1984-இல் வந்த சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு. ஒவ்வொரு சங்கதியும் முழுமையாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், நிரூபிக்கப்பட்டிருக்கலாம் என்பது போதாது. அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும், மற்ற எல்லா விளக்கங்களையும் விலக்க வேண்டும், சங்கிலி இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். நாடு முழுவதும் தண்டனைத் தீர்ப்புகளில் மேற்கோளாக வரும் அந்த வழக்கில், கீழ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்திருந்த கணவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது, ஏனென்றால் மனைவி தானே நஞ்சு அருந்தியிருக்கலாம் என்ற விளக்கம் அடைபடவில்லை.

சூழ்நிலை பொய் சொல்லாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பாதிதான் சரி, ஏனென்றால் ஒவ்வொரு சூழ்நிலையையும் கூண்டில் ஏறிச் சொல்பவர் ஒரு மனிதர்தான். டீக்கடைக்காரர் மறுநாளே போலீசாரிடம் சொன்னாரா, ஆள் கைதான பிறகு பத்து நாள் கழித்துச் சொன்னாரா? ஏழேகால் மணிக்கு இருட்டிவிட்ட கரையில், எந்த விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்? ஊர்ப் பகையோ உறவோ அவரை இழுக்கிறதா? பிறழ்சாட்சியாக அவர் மாறிவிட்டால் இந்த வழக்கு பிழைக்குமா என்றால், அடகுப் பதிவேடும் தோடும் காதுக் காயமும் மட்டும் நின்று, அந்த முக்கால் மணி நேரத்தில் இவரைக் கரையில் வைக்க யாருமில்லாமல் போகும். அப்போது நகை வேறொருவர் கையிலிருந்து இவருக்கு வந்திருக்கலாம் என்ற வழி திறக்கும். அதை அடைக்க வேறு சங்கதி இருந்தாலொழிய நான் விடுதலையைத்தான் எதிர்பார்ப்பேன்.

உங்கள் பக்கத்து ஊர் வழக்கு தஞ்சாவூர் மாவட்டத்துடையது என்றால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். அங்கே நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் தாங்களே மறுபடி எடைபோடுவார்கள், கீழ் நீதிமன்றம் நம்பியதையெல்லாம் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தீர்ப்பின் நகலை வாங்கிப் படியுங்கள். முதலில் பிரேதப் பரிசோதனை அறிக்கை பற்றிய பகுதியையும், அடுத்து எதிரியிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் பாருங்கள். எதிரித் தரப்பு சொன்ன மாற்று விளக்கத்தை நீதிபதி எந்தச் சங்கதியைக் கொண்டு தள்ளினார் என்பது அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். “நம்பத் தகுந்ததல்ல” என்ற ஒரு வார்த்தையோடு அதைத் தள்ளியிருந்தால், மேல்முறையீட்டு வழக்கறிஞர் தன் வாதத்தை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்.